சீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேலாளர்

சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனம். சீட்டுக்குப் பின்னால் மிக நெருக்கமாக வந்து நின்று தோளைத் தொடுகிறார், கை குலுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார் என்று தங்கள் மேலாளர் மீது ஒரு பெண் புகார் கொடுத்தார். உடல் அளவைக் கேட்டார் என்றார் இன்னொருவர். மூன்றாமவரிடம் மாதவிடாய் பற்றி விசாரித்திருக்கிறார். வேலையைக் கவனிக்கத்தான் பின்னால் நின்றேன் என்பது மேலாளர் தரப்பு.

நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழு பெண்களின் புகாரை ஏற்றது. தொழிலாளர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை மீட்டது. செய்தவரின் நோக்கம் என்ன என்பது அளவுகோல் அல்ல, அந்தப் பெண்ணுக்கு அது விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே கேள்வி என்றார் நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா.

இந்த வழக்கு ஏன் முக்கியம்? பதவி உயர்வு தருகிறேன் என்று ஆசை காட்டினாலோ, வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டினாலோதான் பாலியல் துன்புறுத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு நிற்கவில்லை. எதையும் கேட்காமல், மிரட்டாமல், பாலியல் தன்மையுள்ள பேச்சாலும் செய்கையாலும் ஒரு பெண் நிம்மதியாக வேலை பார்க்க முடியாத சூழலை உண்டாக்கினால், அதுவும் குற்றச்சாட்டுக்கு உரியதே. ஆனால் வேலை முடியவில்லை என்று கத்துகிற மேலாளர் இதில் வரமாட்டார். அது வேறு வகைக் கொடுமை. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

இப்படிப்பட்ட சூழல் ஒரே நாளில் உருவாவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். அதனால்தான் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வைக்க வேண்டும் என்கிறேன். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். எழுத்துப்பூர்வமான புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். இந்த வெளியாளைத்தான் நான் முதலில் கவனிப்பேன். அவர் முதலாளிக்கு வேண்டியவராக இருந்தால் குழு பெயரளவில் நின்றுவிடும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை, புகாருக்கு உள்ளானவர் அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிட்டு எழுதக் கூடாது என்று உத்தரவிடக் குழுவிடம் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. அப்ரைசல் பயத்திலேயே வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது என்பதையும் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

10 பேருக்குக் குறைவான கடையிலோ, வீட்டு வேலையிலோ இருப்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.