வால்வு மேன் ஓய்வு பெறும் முன்

தம்பி, உங்கள் நகராட்சியின் வால்வு மேனுக்கு ஜூனில் 60 முடிகிறது என்கிறீர்கள். எந்தத் தெருவில் எந்த வால்வு புதைந்திருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்காக, ‘தெரிந்ததை எல்லாம் எழுதித் தரவும்’ என்று மெமோ அனுப்பிவிடாதீர்கள். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவருக்குப் பேனாவைக் கொடுத்தால், ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்று ஒரு வரிதான் வரும். போதாக்குறைக்கு, இனி தான் வேண்டாதவர் என்றும் நினைத்துக்கொள்வார்.

ஆபீசில் நாலு பேர் முன்னால் கேட்காமல், காலையில் தண்ணீர் விடும்போது கூடவே போங்கள். ‘அண்ணே, நீங்க இல்லாத நாள்ல லைன் உடைஞ்சா, எதை மூடணும்னு எனக்குக் காட்டிடுங்க’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் எவரும் மறுக்க மாட்டார். அவர் பேசட்டும், எழுதுவது உங்கள் வேலை.

தெருமுனையில் ஒரு 150 மில்லிமீட்டர் வால்வு என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கடைச் சுவரின் மூலையிலிருந்து 4.2 மீட்டர், எதிரே உள்ள கல்வெர்ட்டிலிருந்து 6.8 மீட்டர் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு இடத்திலிருந்து அளந்தால்தான், மேலே தார் போட்டு மூடினாலும் தோண்ட வேண்டிய இடம் தெரியும். மரத்தையும் பெட்டிக்கடையையும் நம்பி அளக்காதீர்கள், அவை நாளைக்கே இல்லாமல் போகும்.

அடுத்தது சுற்று. இந்த அளவு வால்வு முழுதாக மூட ஏறக்குறைய இருபது சுற்று ஆகும். பன்னிரண்டிலேயே நின்றுவிட்டால், உள்ளே கல்லோ துருவோ சிக்கியிருக்கலாம். தெரியாதவர் பலம் போட்டால் ஸ்பிண்டில் முறியும். ‘இது பதினேழுலதான் நிக்கும், அதுக்கு மேல முறுக்காதே’ என்று அவர் போகிறபோக்கில் சொல்வார் பாருங்கள், அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது. எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதையும் கேளுங்கள். சிலது தலைகீழாகத் திரும்பும். கடைசிச் சுற்றுகளை மெதுவாக மூடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: ஓடுகிற தண்ணீர் சட்டென்று நின்றால், அந்த அடியில் எங்கோ ஒரு பழைய ஜாயின்ட் விட்டுப்போகும்.

‘என்னென்ன தெரியும்?’ என்று கேட்டால் எதுவும் நினைவுக்கு வராது. ‘கடைசியா பெரிய உடைப்பு எங்கே? எதை முதல்ல மூடினீங்க? அப்போ எந்தத் தெருவுக்குத் தண்ணி நின்னுச்சு?’ என்று கேளுங்கள், கதை கதையாக வரும்.

எழுதி முடித்ததும், அடுத்து வரப்போகும் பையனிடம் நோட்டைக் கொடுங்கள், அவனே வால்வைத் தேடி மூடட்டும். பெரியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கட்டும். பையன் எங்கே தடுமாறுகிறானோ, அங்கேதான் நோட்டில் ஓட்டை. நோட்டின் முதல் பக்கத்தில் சொன்னவர் பெயரை எழுத மறக்காதீர்கள்.

ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். கடைசி மாதம் அவர் பென்ஷன் தாள்களோடு அலைவார், உங்களுக்குக் கிடைக்க மாட்டார். ஓய்வுக்குப் பிறகு கூப்பிட நேர்ந்தால், வண்டியும் கூலியும் கொடுத்துக் கூப்பிடுங்கள்.