ரணஜன்னி கற்றுத்தராத பாடம்

ரணஜன்னி எனும் டெட்டனஸிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். தட்டம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராதே, இது மட்டும் ஏன்? ஆளைக் கொல்லும் டெட்டனஸ் நச்சின் அளவு அவ்வளவு சொற்பம்; நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பக்கூட அது போதாது.

ஊசியில் இருப்பதும் அதே நச்சுதான், ஃபார்மலினில் பதப்படுத்தியது. விஷம் போய்விடும், உருவம் பெரும்பாலும் மிஞ்சும். பி செல்லுக்கு உருவம்தான் முக்கியம். அதன் ஏற்பி, இந்த ஆன்டிஜெனின் ஒரு சிறு மேடுபள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்திய செல் அதை விழுங்கித் துண்டாக்கி, டி செல்லிடம் காட்டும். அது கைகொடுத்தால்தான் பி செல் நன்றாகப் பெருகும். சில ஆன்டிபாடி சுரக்கும், சில நினைவு செல்லாகத் தங்கும். ஆன்டிபாடி அளவு ஆண்டுகள் போகப்போக இறங்கும். அதனால்தான் நம் ஊரில் 10, 16 வயதில் மறுபடி ஊசி.