பிஸ்கட் கம்பெனியில் முதல் தொண்ணூறு நாள்

ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் ஆகிய நான்கு மாவட்டங்களில் மட்டும் விற்கும் ஒரு பிஸ்கட் கம்பெனியில் புதிதாக ஒருவர் பிராண்ட் மேனேஜராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த வேகத்தில் அவருக்குக் கவரை மாற்றத் தோன்றும், புது ருசி இறக்கத் தோன்றும், டிவியில் விளம்பரம் கொடுக்கத் தோன்றும். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, சரக்கு எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் மாத வேலை.

பிஸ்கட் வியாபாரத்தில் விற்பனைக்கு இரண்டு கணக்கு உண்டு. கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்புவது ப்ரைமரி. ஸ்டாக்கிஸ்டின் லைன் வண்டி கடைகளுக்குப் போடுவது செகண்டரி. அலுவலகத்தில் எல்லோரும் பெருமையாகக் காட்டுவது ப்ரைமரியைத்தான். மாதம் 1,000 பெட்டி போகிறது, கடைகளுக்கு இறங்குவதோ 800 பெட்டி என்றால் மூன்று மாதத்தில் 600 பெட்டி குடோனில் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அதை விற்றுத் தீர்க்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஏட்டில் வளர்ச்சி, குடோனில் மூட்டம். மாதக் கடைசி வாரத்தில் டார்கெட்டுக்காகத் தள்ளிவிட்ட சரக்குதான் பெரும்பாலும் இப்படி நிற்கும். ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டின் பில்லையும் வாரவாரியாகப் பார்த்தால் இது ஒளியாது.

அடுத்து, லைன் வண்டியில் ஏறிக் கடை கடையாகப் போக வேண்டும். முன்னால் தொங்கும் சரத்தைப் பார்த்தால் போதாது. அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து, அதில் அச்சிட்ட பேக்கிங் தேதியைப் படிக்க வேண்டும். பிரித்துக் கடித்தும் பார்க்கலாம். நமத்திருந்தால் கவரின் ஒட்டில் காற்று புகுந்திருக்கிறது. பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டிருக்கிறது: சரக்கு பழசு, அல்லது வெயிலில் கிடந்திருக்கிறது. முதலாவது பேக்கிங் மெஷினின் குறை, இரண்டாவது விற்பனையின் குறை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர் கையில் இந்தப் பாக்கெட் போனால், விளம்பரமே கெடுதல் செய்ததாகிவிடும்.

கடைக்காரர் கேட்காமலே ஒன்று சொல்வார்: “ஸ்கீமுக்காகத்தான் எடுத்தேன் தம்பி.” இரண்டாவது மாதத்தை இந்த வாக்கியத்துக்கே ஒதுக்கலாம்.

ஐந்து ரூபாய் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எடை 50 கிராம். ஸ்டாக்கிஸ்டுக்கு 4.20 ரூபாய்க்குப் போகிறது. அதில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி போகக் கம்பெனிக்கு 4 ரூபாய். கிலோவுக்குக் கணக்கிட்டால் 80 ரூபாய். இனி ‘பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம்’ என்று ஸ்கீம் விட்டால், 12 பாக்கெட்டின் பணத்துக்கு 13 போகும். கிலோவுக்குக் கிடைப்பது 74 ரூபாய்க்கும் கீழே இறங்கும். மைதா, சர்க்கரை, பாமாயில், கவர், கூலி எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 72 ரூபாய் ஆகும் கம்பெனியில், எட்டு ரூபாய் மிச்சம் இரண்டு ரூபாய்க்குக் குறைந்துவிடும்.

அப்படியானால் விலையை ஏற்றலாமே என்பார்கள். சில்லறைப் பாக்கெட்டில் அது நடக்காது. ஐந்து ரூபாய்க் காசோடு வரும் பையனிடம் ஐந்தரை கேட்க முடியாது. அதனால்தான் விலை அப்படியே நிற்க, எடை மட்டும் சத்தமில்லாமல் குறைகிறது. 50 கிராமை 46 ஆக்கினால் ஸ்கீம் இல்லாதபோது கிலோவுக்கு 87 ரூபாய் வரும். ஆனால் பாக்கெட்டில் ஒரு பிஸ்கட் குறைந்ததைப் பையனே எண்ணிச் சொல்லிவிடுவான். வரி மாறும்போதும் எடை மாறும்: 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. ஆகவே போன வருட விற்பனையோடு ஒப்பிடும்போது ரூபாயையோ பாக்கெட்டையோ மட்டும் நம்பாமல், கிலோவையும் பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவது மாதத்தில் ஒரே ஒரு சோதனை போதும். கரூரில் ஸ்கீமை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் பழைய பாக்கெட்டுகளை மாற்றிக்கொடுத்து, புதுச் சரக்கை வாரம்தோறும் சிறிது சிறிதாக இறக்கலாம். நாமக்கல்லில் எதையும் மாற்றக் கூடாது. அதுதான் ஒப்பிடும் அளவுகோல். லைன் வண்டி ஒரு கடைக்கு வாரம் ஒருமுறைதான் வரும் என்பதால், ஒரு மாதத்தில் நான்கு வாய்ப்புகளே உண்டு. முதல் வாரம் வாங்கிய நூறு கடைகளில் எத்தனை கடை நான்காவது வாரத்துக்குள் மறுபடி கேட்டது என்று இரண்டு ஊரிலும் எண்ண வேண்டும். முதல் வாரம் கரூரில் விற்பனை சரியும், சேல்ஸ்மேன்கள் முறுமுறுப்பார்கள். அதற்குப் பயந்து பாதியில் ஸ்கீமைத் திரும்பக் கொண்டுவந்தால் சோதனை வீண். தீபாவளி மாதமாக இருந்தாலும் வீண்தான்; அப்போது கடைக்காரரின் பணமெல்லாம் பலகாரத்திலும் பட்டாசிலும் முடங்கியிருக்கும்.

தொண்ணூறாவது நாள் முதலாளி மேஜையில் மூன்று எண்கள் இருந்தால் போதும்: குடோனில் எத்தனை நாள் சரக்கு, ஸ்கீம் போகக் கிலோவுக்கு எவ்வளவு மிச்சம், நூற்றில் எத்தனை கடை திரும்பக் கேட்டது. மூன்றாவது எண் கரூரில் நாமக்கல்லைவிடக் கூடியிருந்தால் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் அதே வழியை விரிக்கலாம். கூடவில்லை என்றால் குறை பிஸ்கட்டிலேயே இருக்கிறது. பேச வேண்டியது விளம்பர ஏஜென்சியிடம் அல்ல, பேக்கரி மாஸ்டரிடம்.