தூரத்து மலைக்கு எத்தனை முக்கோணம்?

2011இல் ‘கிரைசிஸ் 2’ விளையாட்டுக்கு டைரக்ட்எக்ஸ் 11 மேம்பாடு வந்தபோது, அதை ஆராய்ந்தவர்கள் திகைத்தார்கள். தெருவோரக் கான்கிரீட் தடுப்புகளின் தட்டையான பக்கங்கள்கூட ஆயிரக்கணக்கான முக்கோணங்களாக நறுக்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு அதனால் கிடைத்த லாபம் மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டுக்கோ பெரும் சுமை.

இப்படி நறுக்குவதற்குப் பெயர் டெசலேஷன். தட்டையான பரப்பைச் சிறு முக்கோணங்களாக்கி, அவற்றை மேலும் கீழும் நகர்த்தினால் கல்லின் மேடுபள்ளம் உண்மையாகவே எழும்பி நிற்கும். டைரக்ட்எக்ஸ் 11இல் இதன் உச்ச அளவு 64. ஒரு சதுரத் துண்டு 64க்கு 64 என்று பிரிந்தால் 8,192 முக்கோணங்கள். 16 என்றால் வெறும் 512. கார்டு எப்போதும் நான்கு நான்கு பிக்சல்களாகவே வண்ணம் தீட்டுகிறது. முக்கோணம் ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கினாலும் நான்குக்கான வேலை நடக்கும்; பெரும்பகுதி வீண். தூரத்துப் பொருள்களில் இந்த விரயம் இன்னும் அதிகம்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவர் அமைப்பில் Maximum Tessellation Level என்பதை 16 அல்லது 8 ஆக்கி இதற்கு வரம்பு கட்டலாம். வரம்பு மிகவும் இறங்கிவிட்டால் அருகிலுள்ள பாறைகளின் விளிம்பு மொட்டையாகத் தெரியும், அதுதான் அடையாளம்.

எல்.ஓ.டி. பயாஸ் தூரத்தோடு தொடர்புடையது. விளையாட்டில் ஒரு மரத்துக்கு நுணுக்கமானது, எளிமையானது எனப் பல வடிவங்கள் இருக்கும். விலக விலக எளிய வடிவம் வரும். யூனிட்டி எஞ்சினில் lodBias மதிப்பை 1இலிருந்து 2 ஆக்கினால், 50 மீட்டரில் மாறவேண்டிய மரம் 100 மீட்டரில்தான் மாறும். தூரம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு. மரங்கள் சீராகப் பரவியிருந்தால், முழு நுணுக்கத்தோடு வரையவேண்டிய மரங்களும் நான்கு மடங்காகும். மதிப்பைக் குறைத்தால் வேகம் கூடும். ஆனால் நடக்கும்போது மரங்கள் கண்ணெதிரே சட்டென்று உருமாறும்.

டெக்ஸ்சருக்கும் தனியாக ஒரு எல்.ஓ.டி. பயாஸ் உண்டு. இங்கே கணக்கு தலைகீழ்: +1 என்றால் நீள அகலம் பாதியான படம் வரும், தூரத்துச் சுவர் மங்கும். −1 என்றால் கூர்மை கூடும். ஆனால் நகரும்போது கம்பிவேலியும் ஓட்டுக்கூரையும் மினுமினுக்கும். இக்காலக் கார்டுகளில் இதனால் வேகம் பெரிதாக மாறுவதில்லை.

ஆகவே வேகம் போதாதபோது முதலில் டெசலேஷனை 16க்கு இறக்குங்கள். அடுத்து, பொருள்களுக்கான தூர அளவை உருமாற்றம் உறுத்தாத எல்லைவரை குறையுங்கள். டெக்ஸ்சர் பயாஸை 0இலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே இடத்தில் நின்று, ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று பாருங்கள். எண் ஏறவில்லையென்றால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.