காந்தம் சொல்லாத எவர்சில்வர் தரம்

எவர்சில்வர் பாத்திரத்தைத் துருவிலிருந்து காப்பது அதில் கலந்திருக்கும் குரோமியம். இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்துகொள்ளும். தேய்க்கும்போது கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். இதற்குப் பெரும் பகை உப்பு. உப்பிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைத்து, ஊசிமுனை அளவில் குழி பறிக்கும். புளி, தக்காளி, தயிர் போன்ற புளிப்பும் உப்போடு சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். உப்பும் புளியும் சேர்ந்த குழம்பை இந்தப் படலம் எவ்வளவு காலம் தாங்குகிறது என்பதில்தான் சமையல் பாத்திரத்தின் தரம் இருக்கிறது.

நல்ல சமையல் பாத்திரத்துக்கு உலகெங்கும் அடையாளமாக இருப்பது 304 என்ற தரம். இதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பது இதைத்தான். நிக்கல் விலை உயர்ந்த உலோகம். அதனால் அதைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்துச் செய்த மலிவான எஃகு வகைகள் வந்தன. இவற்றை 200 வரிசை என்பார்கள். 202 என்ற வகையில் நிக்கல் 4 முதல் 6 விழுக்காடுதான் இருக்கும், மாங்கனீசு 7.5 முதல் 10 விழுக்காடு வரை போகும். கடைக்காரர்கள் ஜே4 என்று சொல்லும் வகையில் நிக்கல் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். நிக்கலைக் குறைத்தால் குரோமியத்தையும் ஓரளவு குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எஃகின் உள்கட்டமைப்பு குலைந்துவிடும். மலிவு எஃகில் காப்புப் படலம் வலுவிழப்பது இதனால்தான். புதிதாக வாங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். வேறுபாடு தெரிய மாதங்கள் ஆகும்.

பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம்பி வாங்கிவிடுவார்கள். இந்தச் சோதனை பெருமளவுக்கு ஏமாற்றும். நிக்கலைப் போலவே மாங்கனீசும் எஃகைக் காந்தம் ஒட்டாத அமைப்பில் நிறுத்தி வைக்கும். எனவே 304 எப்படி ஒட்டாதோ, அப்படியே 202-ம் ஜே4-ம் ஒட்டாது. ஒதுக்க வேண்டிய மலிவு வகையைத்தான் காந்தம் தேர்ச்சி பெறவைத்து அனுப்புகிறது.

மறுபக்கமும் உண்டு. அசல் 304 தகட்டை அச்சில் அழுத்தி ஆழமான குண்டானாக இழுக்கும்போது, வளைவிலும் விளிம்பிலும் எஃகின் அமைப்பு மாறி, அங்கே மட்டும் காந்தம் லேசாகப் பற்றும். அதிகம் இழுபடாத அடிப்பகுதியின் நடுவில் பற்றாது. இன்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரங்களில் உள்பக்கம் 304 ஆக இருந்தாலும், வெளி அடியில் 430 என்ற காந்தம் ஒட்டும் தகட்டைச் சேர்ப்பார்கள். அது இல்லாமல் அந்த அடுப்பில் பாத்திரம் சூடேறாது. 430-ல் நிக்கல் கிடையாது. ஆனால் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு இருப்பதால் தட்டு, கரண்டி, மூடி ஆகியவற்றுக்கு அது போதும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு 304-ஐவிட இதுவே பொருந்தும்.

பழைய இரும்புக் கடைகளிலும் தகட்டு வியாபாரத்திலும் 304-ஐப் பிரித்தறிய ஒரு சொட்டு மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். சிறு குப்பியாக, 9 வோல்ட் பேட்டரியோடு சேர்த்து விற்கிறது. ஒரே அளவு, ஒரே பளபளப்பு, ஒரே எடை கொண்ட இரண்டு சாம்பார் குண்டான்கள் கடையில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் காந்தம் ஒட்டவில்லை. குண்டானைக் கவிழ்த்து, அடியில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட வேண்டும். பேட்டரியின் ஒரு முனை உலோகத்திலும் மறுமுனை சொட்டிலும் படும்படி சில வினாடிகள் வைத்திருந்தால் போதும். மாங்கனீசு மிகுந்த எஃகு என்றால் சொட்டு சிவந்துவிடும். 304 என்றால் சிவக்காமல் வெளிறிய நிறத்திலேயே நிற்கும். உடனே அந்த இடத்தைத் துடைத்து நன்றாகக் கழுவ வேண்டும். உணவு படும் உள்பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. சொட்டு காட்டுவது மாங்கனீசின் மிகுதியை மட்டுமே. நிக்கல் எத்தனை விழுக்காடு என்று அது சொல்லாது. துல்லியமான கலவை வேண்டுமானால், எக்ஸ் கதிர் பாய்ச்சி அளக்கும் கைத்துப்பாக்கி வடிவக் கருவி பெரிய உலோக வியாபாரிகளிடமும் சோதனைக் கூடங்களிலும் இருக்கிறது. சீர்வரிசைக்கோ உணவகத்துக்கோ மொத்தமாக வாங்கும்போது அதில் ஒரு பாத்திரத்தைச் சோதித்துப் பார்ப்பது வீண் செலவல்ல.

அடியில் பொறித்திருக்கும் எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. 304 என்றோ ஃபுட் கிரேடு என்றோ யார் வேண்டுமானாலும் அச்சுக் குத்திவிடலாம். சேலம் ஸ்டீல் என்று விற்பனையாளர் சொல்வதும் தரத்தின் பெயர் அல்ல. சேலம் உருக்காலை பல தரங்களில் தகடு தயாரிக்கிறது. எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 14756. பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு அது உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நிக்கல் குறைந்த சில எஃகு வகைகளையும் பாத்திரங்களுக்கு இந்தியத் தர நிர்ணயங்கள் அனுமதிக்கின்றன. ஆகவே முத்திரை இருப்பதாலேயே அது 304 ஆகிவிடாது. ரசீதில் தரத்தை எழுதித் தரச் சொல்வது நல்லது. அதற்குத் தயங்கும் கடையில் வாங்காமல் வருவதே மேல்.

கனத்தையும் தரத்தையும் ஒன்றாக எண்ணிவிடுவது இன்னொரு தவறு. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர், 24 கேஜ் 0.56 மில்லிமீட்டர். கனமான அடி சீக்கிரம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் 202 தகட்டிலும் கனமான பாத்திரம் செய்யலாம்.

புழக்கத்துக்கு வந்தபின் தோன்றும் எல்லாக் கறையும் மட்டமான எஃகின் அடையாளம் அல்ல. அடியில் வானவில் போலத் தெரியும் நிறம் அதிகச் சூட்டில் படலம் தடித்ததால் வருவது. வினிகர் விட்டுத் தேய்த்தால் போய்விடும். வெள்ளைத் திட்டு கடின நீரின் சுண்ணாம்பு. பழுப்புப் புள்ளி தோன்றினாலும் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். இரும்பு நாரின் துகள் ஒட்டித் துருத்திருந்தால் தேய்த்ததும் மறைந்து, அடியில் வழவழப்பாக இருக்கும். தேய்த்த பின்னும் நகத்தில் தட்டுப்படும் குழியாக நின்று, சில நாளில் அதே இடத்தில் மறுபடி பழுப்பு வந்தால் அரிப்பது பாத்திரமேதான். கைப்பிடி பற்றவைத்த இடத்திலும் விளிம்பு மடிப்பிலும் இது முதலில் தெரியும்.

304-க்கும் எல்லை உண்டு. குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே அடுப்பில் வைத்தால், உப்பு அடியில் தங்கி, அந்த இடங்களில் சிறு வெண்புள்ளிகளாகக் குழி விழும். தண்ணீர் கொதித்த பின் உப்புப் போட்டுக் கலக்கினால் இது நேராது. ஊறுகாயை மாதக்கணக்கில் வைக்க 304 சம்புடமும் ஏற்றதல்ல. அதற்குப் பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் புட்டியோதான் வேண்டும்.