உங்களுக்குத் தெரியுமா? கன்னத்துக்குள் ஓர் அறை

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று சொல்லாத வீடு வேலூர்ப் பக்கம் குறைவு. சைனஸ் நோயின் பெயர் இல்லை என்பது தெரியுமா? அது எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். நெற்றியில், இரு கண்களுக்கு நடுவே, இன்னும் ஆழத்தில் மூக்கின் பின்கோடியில், கன்னங்களில் என நான்கு ஜோடி. கன்னத்து அறைதான் பெரியது. வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி தண்ணீர் பிடிக்கும்.

*

அந்தக் கன்னத்து அறையின் வாசல் எங்கே இருக்கிறது தெரியுமா? அடியில் இல்லை, மேலே, கூரையை ஒட்டி இருக்கிறது. அகலம் சில மில்லிமீட்டர்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாயை அடியில் வைக்காமல் மூடிக்குப் பக்கத்தில் வைத்தது போல. அப்படியென்றால் உள்ளே ஊறும் சளி எப்படி வெளியே வருகிறது? அறையின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் அசைந்து, மெல்லிய சளிப்படலத்தைத் தரையிலிருந்து மேலே வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்திலேயே வேறொரு ஓட்டை இருந்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை, பழைய வாசலைத்தான் தேடிப் போகும். நாலு காலில் நடந்த மூதாதையருக்குத் தலை முன்னோக்கிச் சாய்ந்திருந்ததால் இந்த வாசல் இவ்வளவு உயரத்தில் இருந்திருக்காது, நிமிர்ந்து நின்றதற்கு நாம் கொடுக்கும் விலை இது என்பது உடற்கூறு அறிஞர்கள் சிலர் தரும் விளக்கம்.

*

காற்றைப் பக்குவப்படுத்துவது சைனஸ் அறைகள்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது இல்லை. மூக்கின் பக்கச் சுவரில் சுருண்டு தொங்கும் மூன்று எலும்பு மடல்கள்தான் அதைச் செய்கின்றன. அவற்றின் மேல்தோலில் ரத்தம் நிறைந்து ஓடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று அந்த மடல்களை உரசிக்கொண்டுதான் நுரையீரலுக்குப் போகிறது. மார்கழிக் காலையில் ஏலகிரி மலைக்காற்று சூடேறுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் 41 டிகிரியைத் தொடும்போது அதே மூக்கு காற்றைக் குளிர்விக்கிறது, ஈரமும் சேர்க்கிறது.

சைனஸ் அறைகள் இதற்குத் தருவது வேறொன்று: நைட்ரிக் ஆக்சைடு வாயு. 1995-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் இந்த அறைகளுக்குள் அது மிக அதிக அளவில் உற்பத்தியாவதைக் கண்டார்கள். கிருமிகளைத் தடுக்கும் வாயு அது. மூச்சோடு நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாய்களையும் விரிக்கிறது. வாயால் மூச்சு விடுகிறவருக்கு இது கிட்டத்தட்ட கிடைப்பதே இல்லை.

*

மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் மாறாது. அப்படியே "அம்மா" என்று சொல்லுங்கள். "அப்பா" என்பது போலக் கேட்கும். ஆம்பூர், ஆப்பூர் ஆகிவிடும்! ங, ஞ, ண, ந, ம, ன ஆறுக்கும் காற்று மூக்கு வழியாக வெளியேற வேண்டும். மெல்லினத்தின் பிறப்பிடம் மூக்கு என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஜலதோஷக் குரலுக்குக் காரணம் சைனஸ் அறைகள் எதிரொலிக்காமல் போவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த ஆறு எழுத்துகளுக்கான வழி அடைபடுவதே முதற்காரணம். ஊசிக்கண் போன்ற வாசலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அறையால் குரலுக்குக் கனம் சேர்ப்பது கடினம்.

ஆனால் குரலால் அந்த அறைகளுக்கு நன்மை உண்டு. வாயை மூடி "ம்ம்ம்" என்று ரீங்கரித்தால், அமைதியாக மூச்சு விடுவதைவிட 15 மடங்கு நைட்ரிக் ஆக்சைடு மூக்கு வழியே வெளிவருகிறது. 2002-இல் அதே கரோலின்ஸ்காவில் அளந்த கணக்கு இது. ஒலியதிர்வு அறைக்குள் தேங்கிய காற்றை வெளியே இழுத்துப் புதுக்காற்றை உள்ளே விடுகிறது. மூக்கடைத்து வாசல் மூடிவிட்டால் இந்த எழுச்சி வராது.

*

வாசல் மூடினால் முகம் ஏன் கனக்கிறது? ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் ஒரு பெண்ணுக்குச் சளி பிடித்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் மூக்கின் உட்தோல் வீங்கி, கன்னத்து அறையின் சின்ன வாசலை நெரித்துவிடுகிறது. உள்ளே அகப்பட்ட காற்றிலுள்ள ஆக்சிஜனை அறையின் சுவர் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதுக்காற்று வராததால் உள்ளே அழுத்தம் குறைகிறது. உறிஞ்சு குழாயை விரலால் மூடி இழுப்பது போல, சுவர்த்தோல் உள்நோக்கி இழுபடுகிறது. முதலில் வரும் வலி இந்த இழுப்பினால் வருவது. நாம் நினைப்பது போல அப்போது உள்ளே ஒன்றும் நிரம்பியிருப்பதில்லை. பிறகுதான் தோலிலிருந்து நீர் கசிந்து அறையில் தேங்குகிறது. ஊரில் "நீர் கோத்துக்கிச்சு" என்பார்களே, அந்தச் சொல் அவ்வளவு சரியானது. தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழானால் அழுத்தம் இப்போது உள்ளிருந்து வெளியே தள்ளும்.

அவள் கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிகிறாள். கன்னம் தெறிக்கிறது, குனிந்தால் தலையில் ரத்தம் தேங்கி, வீங்கிய தோல் இன்னும் வீங்குகிறது. மேல் கடைவாய்ப் பற்களும் வலிக்கின்றன. அறையின் தரைக்கு நேர் கீழேதான் அந்தப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. அவற்றின் நரம்பு அறைச்சுவரை ஒட்டியே ஓடுகிறது. ஒரே ஒரு பல் இல்லாமல் வரிசையாகப் பல பற்கள் வலித்தால், பல்லைப் பிடுங்குவதற்கு முன் மூக்கைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானே சரியாகும். தணிந்த சளி திடீரென்று மறுபடி கூடினாலோ, பத்து நாள் தாண்டியும் கெட்டிச் சளியும் ஒருபக்க வலியும் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமோ பார்வை இரட்டையாகத் தெரிவதோ இருந்தால் அன்றே போக வேண்டும். கண்ணுக்கும் நடு அறைகளுக்கும் இடையே இருப்பது காகிதம் போன்ற எலும்பு.

சளியே இல்லாமல் அடிக்கடி "சைனஸ் தலைவலி" வருகிறதா? 2004-இல் அமெரிக்காவில் அப்படிச் சொன்ன ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள். அதற்கு ஆன்டிபயாட்டிக் விழுங்கினால் வீண்தானே!

*

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1970-இல் இங்கிலாந்தின் காலணி மாவட்டமான நார்தாம்ப்டன்ஷயரில், ஷூ தொழிலாளர்களுக்கு மூக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் வருவதைக் கண்டார்கள். அதிலும் தூசி பறக்கும் அறைகளில் வேலை செய்தவர்களுக்குத்தான் அதிகம். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தோல் தூசியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தோலை ஊறவைத்துப் பதனிடும் ஈர வேலைக்கு அப்படிச் சான்று இல்லை. ஆபத்து காய்ந்த தோலைத் தேய்க்கும் இடத்தில்: பஃபிங் மிஷின், சோல் ஒட்டுமுன் தோலைச் சொரசொரப்பாக்கும் மேசை. அந்தத் தூசி வந்து படியும் இடம் கண்களுக்கு நடுவிலுள்ள அந்த அறைகளின் வாசற்பக்கம்.

அரிய நோய்தான், பயந்து வேலையை விட வேண்டியதில்லை. மிஷினில் தூசி உறிஞ்சி ஓடுகிறதா என்று பாருங்கள், துணியைக் கட்டாமல் சரியான மாஸ்க் போடுங்கள். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பழுப்புத் தூள் தெரிந்தால், உறிஞ்சி சரியாக வேலை செய்யவில்லை. ஒரே பக்க மூக்கு வாரக்கணக்கில் அடைத்து, அவ்வப்போது ரத்தமும் கசிந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பஃபிங்கில் இருந்ததைச் சொல்லுங்கள். வேலையை விட்டு இருபது வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இந்த நோய் வெளிப்பட அத்தனை வருஷமும் எடுத்துக்கொள்ளும்.