"நாங்க பாத்துக்கறோம், அக்கா"

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் வெளிமாநிலத்துக்காரர். ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதி, "இதைத் தமிழில் மாற்றி அக்காவுக்கு அனுப்பிவிடு, அலுவலகக் கடிதம்போல இருக்கக் கூடாது" என்று உங்களிடம் தருகிறார். அந்த ஆறு வரியும் நமக்குப் பழகியவைதான்: "ஸாரி டு ஹியர் யூ ஆர் இன் ஹாஸ்பிடல். ஹோப் யூ ஆர் ஃபீலிங் பெட்டர். டோன்ட் வொர்ரி அபவுட் வொர்க், வி வில் மேனேஜ். வி ஆல் மிஸ் யூ. லெட் அஸ் நோ இஃப் யூ நீட் எனிதிங். கெட் வெல் சூன்."

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றினால் இப்படி வரும்: "நீங்கள் மருத்துவமனையில் இருப்பதை அறிந்து வருந்துகிறோம். நீங்கள் நலமாக உணர்கிறீர்கள் என நம்புகிறோம். வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நாம் சமாளிப்போம். நாங்கள் அனைவரும் உங்களை இழந்து தவிக்கிறோம். ஏதேனும் தேவைப்படின் தெரிவிக்கவும். விரைவில் குணமடையவும்."

இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கட்டிலில் படுத்தபடி இதைப் படிக்கும் அக்காவுக்கு முதல் வரி இரங்கல் செய்தியாகவும், ஐந்தாவது வரி அறிவிப்புப் பலகையாகவும் கேட்கும். நான்காவது வரியைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கி "இருக்கிறீர்கள்" என்பதை "இருக்கீங்க" என்று திருத்திவிட்டால் மட்டும் இது சரியாகாது. ஒருவர் படுத்துக்கிடக்கும்போது தமிழில் நாம் என்ன பேசுவோமோ, அதை வரிவரியாகத் தேட வேண்டும்.

முதல் வரியை எடுப்போம். ஆங்கிலத்தில் 'ஸாரி' என்ற ஒரே சொல் மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழில் இரண்டும் வேறு. "வருந்துகிறோம்" என்ற சொல்லை நாம் அதிகம் பார்ப்பது அறிவிப்புகளிலும் இரங்கல் செய்திகளிலும்தான். நேரில் பார்க்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. செய்தி காதில் விழுந்தபோது நமக்கு என்ன ஆனது என்றுதான் சொல்வோம்: "கேட்டதும் திக்குனு ஆயிடுச்சு", "கேள்விப்பட்டதுலேருந்து மனசே சரியில்ல." முதலாவது, திடீரென்று நடந்ததற்குப் பொருந்தும். முன்பே தேதி குறித்த ஆபரேஷன் என்றால் "திக்குனு" வேண்டாம்; "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேட்டதும்தான் நிம்மதியாச்சு" என்பது பொருந்தும்.

இரண்டாவது வரியில் 'ஹோப்' இருக்கிறது. "நம்புகிறோம்" என்று எழுதினால் தமிழில் அது கடிதத்து மரியாதையாகிவிடும். அக்கா எப்படி இருக்கிறார் என்று தெரியாதபோது நம்புவதற்கு என்ன இருக்கிறது? கேட்பதுதான் நம் வழக்கம். "இப்ப உடம்பு எப்படி இருக்குக்கா? வலி கொறைஞ்சிருக்கா?" என்ற கேள்வியிலேயே அந்த நம்பிக்கையும் அடங்கிவிடுகிறது. "குறையவில்லையா?" என்று கேட்காமல் "கொறைஞ்சிருக்கா?" என்று கேட்பதால், குறைந்திருக்க வேண்டும் என்ற விருப்பம் கேள்வியின் வடிவத்திலேயே தெரிகிறது. "உணர்கிறீர்களா" என்ற சொல்லும் இங்கே வராது. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் தமிழ்ப் பேச்சு. எப்படி உணர்கிறாய் என்பது ஆங்கிலப் பேச்சு.

மூன்றாவது வரியில்தான் பலரும் கவனிக்காத பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'வி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் "நாம", அவரை விட்டுவிட்டுச் சொன்னால் "நாங்க." "வேலையை நாம பாத்துக்கலாம்" என்று எழுதினால், அந்த வேலையில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் போய்விடுகிறது. 'நான் வந்துதான் செய்யணும் போல' என்று அக்கா நினைத்தால் தப்பில்லை, வாக்கியமே அப்படித்தான் சொல்கிறது. இங்கே "நாங்க" என்பதுதான் அவருடைய பாரத்தை இறக்கிவைக்கும் சொல்.

அடுத்த வரியிலேயே கணக்கு மாறிவிடும். அலுவலகத்தைப் பற்றிச் சொல்லும்போது "எங்க ஆபீஸ்" என்று எழுதினால் அக்கா வெளியாள் ஆகிவிடுவார். அங்கே "நம்ம ஆபீஸ்", "நம்ம செக்‌ஷன்" என்றுதான் வர வேண்டும். வேலைக்கு "நாங்க", இடத்துக்கு "நம்ம." வேலையிலிருந்து அவரை விடுவித்து, உறவுக்குள் அவரை வைத்துக்கொள்வதற்கு இந்த இரண்டு சொற்களும் போதும். ஆங்கில மூலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால், மொழிபெயர்ப்பவர்தான் ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அதே வரியில் 'மேனேஜ்' என்பதை "சமாளிப்போம்" என்று எழுதினால், அவர் இல்லாமல் நாம் திண்டாடுவதுபோல ஆகிவிடும். "பாத்துக்கறோம்" என்ற சொல்லில் அந்தத் திண்டாட்டம் இல்லை. 'பார்' என்ற வினையோடு 'கொள்' என்ற துணைவினை சேர்ந்து இது உண்டாகிறது. "பாக்கறோம்" என்றால் முடிந்தால் செய்வோம் என்ற இழுவையும் அதில் உண்டு. "பாத்துக்கறோம்" என்றால் பொறுப்பை எங்கள் தலையில் எடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

நான்காவது வரிக்கு வருவோம். 'மிஸ் யூ' என்பதற்கு நேர்ச்சொல் தமிழில் இல்லை. "இழந்துவிட்டோம்" என்றால் ஆள் போய்விட்டார் என்றே பொருள். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு இதைவிட மோசமான வரி இருக்க முடியாது. "உங்க ஞாபகமாவே இருக்கு" என்பதும் உடம்பு மோசமாக இருக்கும் வேளையில் கொஞ்சம் கனமாகிவிடலாம். இங்கே சின்னச் சின்ன நிகழ்ச்சி கைகொடுக்கும். "மத்தியானம் சாப்பிட உக்காந்தா உங்க பேச்சுதான்" என்று எழுதினால், அவர் இல்லாத குறையும் தெரிகிறது, அவர் திரும்பி வரப்போகிறார் என்பதும் தொனிக்கிறது.

ஐந்தாவது வரியின் "தெரிவிக்கவும்" என்ற முடிவு, "செருப்பைக் கழற்றி வைக்கவும்" என்ற பலகையின் குரல். "எது வேணும்னாலும் சொல்லுங்க" என்பது பேச்சுத்தான். ஆனால் அதையும் தனியே விட்டால் பயன் குறைவு. எதுவும் கேளுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை, கூச்சம் தடுக்கும். கேட்கிற வேலையை நாமே எடுத்துக்கொண்டால் அக்கா "சரி" என்று மட்டும் சொன்னால் போதும்: "நாளைக்குச் சாயங்காலம் வரட்டுமா? டாக்டர் கஞ்சி குடிக்கலாம்னு சொன்னா ஃப்ளாஸ்க்ல கொண்டு வரேன்." டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுச் சேர்ப்பது முக்கியம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு எப்போது எதைச் சாப்பிடலாம் என்பது டாக்டர் சொல்வதைப் பொறுத்தது.

கடைசி வரி 'கெட் வெல் சூன்.' ஆங்கிலத்தில் இது ஏவல் வடிவில் இருக்கும் வாழ்த்து. தமிழில் அதே வடிவத்தில் "குணமடையுங்கள்" என்றால், குணமாவது அவர் கையில் இருப்பதுபோலவும் அவர் தாமதம் செய்வதுபோலவும் ஒலிக்கும். நாம் வாழ்த்துவதற்குப் பதில் உறுதி சொல்கிறோம்: "சீக்கிரம் சரியாயிடும்." இதில் நிற்பது 'விடு' என்ற துணைவினை. "சரியாகும்" என்றால் ஆகலாம், பார்க்கலாம் என்ற அளவில் நிற்கும். "சரியாகிவிடும்" பேச்சில் "சரியாயிடும்" ஆகும்போது ஐயம் நீங்கிவிடுகிறது. தமிழ்ப் பேச்சின் இத்தகைய துணைவினைகளை ஹெரால்ட் ஷிஃப்மன் 1999-இல் வெளிவந்த தம் பேச்சுத் தமிழ் இலக்கண நூலில் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். கட்டிலருகே உட்கார்ந்து பேசும் எந்தப் பாட்டிக்கும் அது படிக்காமலே தெரியும்.

இந்த உறுதிக்கு ஓர் எல்லை உண்டு. நோய் பெரிது, முடிவு தெரியாது என்னும்போது "சரியாயிடும்" என்ற சொல் வெறுமையாகிவிடும். படிப்பவருக்கே அது தெரியும். அப்போது நம்மால் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் சொல்வது நல்லது: "நாங்க கூடவே இருக்கோம்கா." மேலாளரின் பெயரில் போகும் செய்தியில் "சீக்கிரம் வேலைக்கு வந்துடுங்க" என்பதையும் தவிர்க்க வேண்டும். அன்பாக எழுதினாலும் லீவு முடிகிறது என்ற நினைவூட்டலாக அது போய்ச் சேரும். "நல்லா தேறி, மெதுவா வாங்க" என்றால் அந்த நெருக்கடி இல்லை.

இனி எழுத்துக்கூட்டல். பேச்சில் "நாங்க பாத்துக்கறோம்" என்பதன் கடைசி 'ம்' மூக்கில் கரைந்துவிடும். அதை அப்படியே எழுதப்போனால் படிப்பவர் தடுமாறுவார். காதுக்குப் பேச்சாகவும் கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்: ஈறுகளைப் பேச்சில் விட்டு, மெய்யெழுத்துகளை வைத்துக்கொள்வது நல்ல நடு வழி. ஊர் வழக்கிலும் கவனம் வேண்டும். "ஆயிடுச்சு" என்பது சென்னைப் பக்கம், மதுரைப் பக்கம் "ஆயிருச்சு." அக்கா எந்த ஊரோ அந்த ஊர்ப் பேச்சைப் போலிசெய்யாமல், எழுதுபவரின் இயல்பான பேச்சிலேயே எழுதுவது நேர்மையாக இருக்கும். ஆபரேஷன், டாக்டர், ஃப்ளாஸ்க் போன்ற சொற்கள் பேச்சில் ஊறியவை, அப்படியே இருக்கட்டும்.

இப்போது முழுச் செய்தியும்:

"அக்கா, விஷயத்தைக் கேட்டதும் எங்களுக்குத் திக்குனு ஆயிடுச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னப்பறம்தான் நிம்மதி. இப்ப உடம்பு எப்படி இருக்கு? வலி கொறைஞ்சிருக்கா? வேலையைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம். மத்தியானம் சாப்பிட உக்காந்தா நம்ம செக்‌ஷன்ல உங்க பேச்சுதான். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேர் வரட்டுமா? டாக்டர் கஞ்சி குடிக்கலாம்னு சொன்னா கொண்டு வரோம். எல்லாம் சீக்கிரம் சரியாயிடும். நல்லா தேறி, மெதுவா வாங்கக்கா."

ஆங்கில மூலத்தோடு வைத்துப் பார்த்தால் கஞ்சியும் மத்தியானச் சாப்பாடும் அங்கே இல்லை. மேலாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வருந்துகிறோம், நம்புகிறோம் என்று அனுப்புபவரின் மனதைப் பேசிய வரிகள் இங்கே அக்காவின் வலியைக் கேட்கின்றன, நாளைச் சாயங்காலத்தைப் பேசுகின்றன. பெறுபவர் வயதில் இளையவர் என்றால் "தம்பி, யோசிக்காதப்பா" என்று மாறும். நெருங்கிய நண்பன் என்றால் "மச்சான், நாங்க பாத்துக்கறோம்டா" என்று இன்னும் சுருங்கும். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்பது "நாங்க பாத்துக்கறோம்" என்ற அந்த இரண்டு சொற்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை: கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்து, செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் நாக்கு தயங்குகிறதோ, அந்த வரியில் இன்னும் ஆங்கிலம் மிச்சம் இருக்கிறது.